முத்திரை குத்தினால் பொய் மெய்யாகாது

2023 மே 28 அன்று தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் திறப்பு விழா நடந்தது. அதே நாளில், பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளான மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவரும் பாஜக நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங்கைக் கைது செய்யக் கோரி, ஜந்தர் மந்தரிலிருந்து அந்தக் கட்டடத்தை நோக்கிப் புறப்பட்ட வீராங்கனைகளைத் தில்லிக் காவல்துறை தடுத்து, இழுத்துச் சென்று வாகனங்களில் ஏற்றியது. வாகனத்துக்குள் வினேஷ் போகட், சங்கீதா போகட் ஆகியோர் இருக்கும் சுயபடம் ஒன்று சமூக ஊடகங்களில் வெளியானது. அதில் அவர்களுடைய முகங்கள் இறுகியிருந்தன. சில மணி நேரத்தில் அதே படத்தின் இன்னொரு வடிவம் பரவத் தொடங்கியது. அதே வாகனம், அதே இருக்கை, அதே ஆடை. ஆனால் முகங்களில் மட்டும் சிரிப்பு. போராட்டமே நாடகம், கேமரா நகர்ந்ததும் சிரிக்கிறார்கள் என்ற வாசகங்களோடு அது பகிரப்பட்டது.

செயற்கை நுண்ணறிவால் இயங்கும் முகமாற்றுச் செயலி ஒன்றின் சிரிப்பு வடிகட்டியைக் கொண்டு இந்த மாற்றம் செய்யப்பட்டிருந்தது. உண்மை சரிபார்ப்பு ஊடகங்கள் மூலப்படத்தை அதே செயலியில் இட்டு, அதே சிரிப்பைத் தாங்களே வரவழைத்துக் காட்டின. வீராங்கனைகள் உண்மையில் சிரிக்கும் பழைய படங்களோடு அந்தச் சிரிப்பு பொருந்தவில்லை. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. மூலப்படம் கையில் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் மறுப்பு வெளிவருவதற்குள் பொய்ப்படம் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

இத்தகைய நிகழ்வுகளுக்குப் பிறகு பத்திரிகை அலுவலகங்கள் பலவும் படங்களுக்கென்று கொள்கை வகுக்க முற்பட்டுள்ளன. முதலில் முன்வைக்கப்படும் யோசனை எப்போதும் ஒன்றுதான்: செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்ட படத்துக்குக் கீழே அவ்வாறு குறிப்பிட்டுவிட வேண்டும் என்பது. கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இந்த யோசனை, தனித்து நின்றால் பயனற்றது. வீராங்கனைகள் சிரிக்கும் அந்தப் படத்தை, “செயற்கை நுண்ணறிவால் மாற்றப்பட்டது” என்ற சிறு எழுத்துக் குறிப்போடு ஒரு நாளேடு செய்திப் படமாக வெளியிட்டிருந்தால் அது நேர்மையான செயலாகியிருக்குமா? ஆகியிருக்காது. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டும் படத்தை எந்த முத்திரையும் சுத்தப்படுத்துவதில்லை. ஒரு கொள்கை முதலில் வகுக்க வேண்டியது முத்திரையின் வாசகத்தை அல்ல. திருத்தம் எங்கே முடிகிறது, திரிப்பு எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை.

கருவி அல்ல, கூற்று

அந்த எல்லையைக் கருவியைக் கொண்டு தீர்மானிக்க முடியாது என்பதற்குச் சென்னையே சாட்சி. 2015 டிசம்பர் 3 அன்று வெள்ளத்தில் மூழ்கிய பகுதிகளைப் பிரதமர் மோடி வானிலிருந்து பார்வையிட்டார். அவர் சன்னல் வழியே கீழே நோக்கும் படத்தை ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. அந்தப் படத்தின் சன்னலில், வெள்ளம் சூழ்ந்த வீடுகள் வெட்டி ஒட்டியது போலத் துல்லியமாகத் தெரிந்தன. உண்மையிலேயே வெட்டி ஒட்டப்பட்டவைதான் அவை. முன்னதாக வெளியிடப்பட்ட அதே காட்சியின் படத்தில் சன்னலுக்கு வெளியே மங்கலான நிலப்பரப்பு மட்டுமே இருந்ததை மக்கள் பக்கத்தில் வைத்துக் காட்டியதும், படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்கள் இணைக்கப்பட்டுவிட்டன என்று அந்த அலுவலகம் பின்னர் விளக்கமளித்தது.

இங்கே செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. பிரதமர் பார்வையிட்டது உண்மை. வீடுகள் வெள்ளத்தில் இருந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளை ஒரே சட்டகத்துக்குள் ஒட்டியபோது, இன்னார் இன்னதை இப்படிப் பார்த்தார் என்ற மூன்றாவது கூற்று பிறந்தது. அதைக் கேமரா பார்க்கவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கு மட்டும் முத்திரை கேட்கும் கொள்கையில் இந்தப் படம் எந்தத் தடையுமின்றி நுழைந்துவிடும்.

மறுபுறம் பார்த்தால், அதே கொள்கை குற்றமற்ற படங்களைக் கூண்டில் ஏற்றும். 2024இல் மெட்டா நிறுவனம் தன் தளங்களில் ‘செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டது’ என்ற பொருளில் முத்திரையிடத் தொடங்கியபோது, உண்மையான புகைப்படங்களில் சிறு திருத்தம் மட்டும் செய்திருந்த புகைப்படக் கலைஞர்களின் படங்களுக்கும் அது விழுந்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஜூலை மாதத்தில் அந்த வாசகத்தை நிறுவனம் மாற்ற நேர்ந்தது. இன்றைய கைப்பேசிக் கேமராக்கள் இரவு நேரப் படங்களைத் தெளிவாக்கவே தாமாகக் கணிப்பு நுட்பங்களைப் பயன்படுத்துகின்றன. கருவிதான் அளவுகோல் என்றால், இரவில் நடந்த தர்ணாவின் நேர்மையான படமும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். எல்லாவற்றுக்கும் விழும் முத்திரையை எவரும் படிக்கமாட்டார்கள்.

ஆகவே அளவுகோல் ஒரு கேள்வியாக இருக்க வேண்டும்: இந்தப் படம் வாசகரிடம் என்ன கூறுகிறது, அதைக் கேமரா அந்த இடத்தில், அந்த நொடியில் பார்த்ததா? பார்த்தது என்றால் திருத்தம். பார்க்கவில்லை என்றால், கத்தரிக்கோலால் செய்தாலும் கணினியால் செய்தாலும், திரிப்பு.

மேசைக்கு வரும் ஒரு படம்

இந்தக் கேள்வி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதை வார இதழ் ஒன்றின் அன்றாடத்தில் வைத்துப் பார்க்கலாம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் விவசாயத் தொழிலாளர்கள் நூறு நாள் வேலையின் கூலி பாக்கி கேட்டு ஆட்சியர் அலுவலகம் முன் திரள்கிறார்கள். மாலையில் வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. வெயில் எதிரே இருந்ததால் முகங்கள் இருண்டிருக்கின்றன. படத்தின் இடது ஓரத்தில் காலியான சாலை. நடுவில் ஒரு மின்கம்பமும் வேறொரு கட்சியின் விளம்பரத் தட்டியும். முன்வரிசையில் தாயின் மடியில் ஒரு குழந்தை. படத்தின் அளவோ சிறியது. அட்டைக்கு எடுத்தால் புள்ளி புள்ளியாக உடையும்.

முகங்களின் இருளைப் படம் முழுவதற்கும் சீராக வெளுப்பாக்கிச் சரிசெய்யலாம். இருட்டறையில் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்ட வேலைதான் அது. அங்கே இருந்த முகங்களே தெரிய வருகின்றன. புதிய முகம் எதுவும் பிறப்பதில்லை. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. நண்பகலை அந்தியாகவோ, தெளிந்த வானத்தைக் கருமேகமாகவோ மாற்றும் அளவுக்கு நிறத்தை அழுத்தினால், அது வேறு நேரத்தில் வேறு சூழலில் நடந்ததாகக் கூறத் தொடங்குகிறது.

இடது ஓரத்தைக் கத்தரிப்பது அடுத்த முடிவு. கத்தரிப்பு எப்போதும் அனுமதிக்கப்பட்ட திருத்தமாகவே கருதப்படுகிறது. எதையும் சேர்ப்பதில்லை என்பதால். ஆனால் கூற்றைக் கேட்டால் விடை சற்று மாறும். ஐம்பது பேர் நிற்கும் படத்தின் இருபுறமும் நெருக்கமாக வெட்டி, “ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்” என்ற தலைப்புக்குக் கீழே வைத்தால், வெட்டு தானே பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது. கத்தரிக்கலாம், கத்தரித்த பிறகு படமும் படக்குறிப்பும் சேர்ந்து சொல்வது முழுப்படத்தோடு முரண்படக் கூடாது.

மின்கம்பத்தையும் தட்டியையும் அழிப்பதற்கு இப்போது ஒரு விரல் அசைவு போதும். கருவி அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறது என்பதே சிக்கல். அங்கே அது கற்பனையாகச் சில மனிதர்களை நிறுத்தும். தட்டி இடையூறு என்றால் வேறு படத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அழிக்கக் கூடாது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே கூறுகிறது: ஆக்க நுண்ணறிவைக் கொண்டு புகைப்படத்தில் எதையும் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. முக்கியமில்லாத பொருள் என்ற விலக்கு இங்கே பயன்படாது. எது முக்கியம் என்பதை நாளை எழும் சர்ச்சைதான் தீர்மானிக்கும்.

படத்தைப் பெரிதாக்கும் செயலிகள் இன்னும் நுட்பமான ஆபத்து. அவை இருப்பதைப் பெரிதாக்குவதில்லை. இருந்திருக்கக் கூடியதை ஊகித்து வரைகின்றன. பின்வரிசையில் நான்கு புள்ளிகளாக இருந்த ஒரு முகத்துக்குக் கண்ணும் மூக்கும் கிடைக்கும். அந்த முகத்தை உடையவர் உலகில் எவரும் இல்லை. பதாகைகளைப் பார்த்தால் இதை எளிதில் கண்டுபிடித்துவிடலாம்: மூலத்தில் மங்கலாக இருந்த தமிழ் எழுத்துகள், எந்த மொழியிலும் சேராத கோடுகளாகத் திரிந்து நிற்கும். சிறிய படத்தைச் சிறியதாகவே வெளியிடுவது மட்டுமே நேர்மையான தீர்வு.

குழந்தையின் முகம் வேறு வகைக் கேள்வி. போராட்டத்தில் தாயோடு வந்த குழந்தையை மறைக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவும் தடைசெய்கின்றன. ஆலை நிர்வாகம் பழிவாங்கும் என்று அஞ்சும் தொழிலாளிக்கும் பாதுகாப்புத் தேவை. அங்கே முகத்தை மறைப்பது கடமை; ஆனால் மறைத்தது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். கட்டங்களாகக் கலைத்தோ மங்கலாக்கியோ மறைத்து, படக்குறிப்பில் அதைச் சொல்லிவிடலாம். மறைப்பதற்குப் பதிலாகச் செயற்கை முகம் ஒன்றைப் பொருத்துவது திரிப்பு. மங்கல் “இங்கே ஒன்று மறைக்கப்பட்டுள்ளது” என்கிறது. செயற்கை முகம் “இவர்தான் அவர்” என்று பொய் சொல்கிறது.

முத்திரையோடு தோற்ற படங்கள்

அப்படியானால் முத்திரைக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் செய்திப் படத்தின் இடத்தில் அல்ல. இதை அம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு 2023இல் கற்றுக்கொள்ள நேர்ந்தது. கொலம்பியாவில் 2021இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது காவல்துறை இழைத்த கொடுமைகளை நினைவூட்டும் பரப்புரைக்கு, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படங்களை அது வெளியிட்டது. போராடியவர்களின் அடையாளம் வெளிப்பட்டுப் பழிவாங்கலுக்கு ஆளாகக் கூடாது என்பதே நோக்கம் என்று அமைப்பு கூறியது. படங்களில் குறிப்பும் இருந்தது. ஆயினும் காவலர்கள் ஒரு பெண்ணை இழுத்துச் செல்லும் படத்தில், கொலம்பியக் கொடியின் நிறங்கள் வரிசை மாறியிருந்ததைப் பார்த்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். புகைப்படக் கலைஞர்கள் கொதித்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தை உயிரைப் பணயம் வைத்துப் படம்பிடித்தவர்கள் இருக்க, இல்லாத பெண்ணின் படம் எதற்கு என்று கேட்டார்கள். படங்கள் திரும்பப் பெறப்பட்டன.

நடந்த கொடுமை உண்மை; அதற்கான சாட்சியங்கள் இருந்தன. இருந்தும் விவாதம் கொடுமையைப் பற்றியதாக இல்லாமல் படத்தைப் பற்றியதாக மாறியது. ஒடுக்குமுறையாளருக்கு இதைவிட வசதியான திசைதிருப்பல் வேறு எதுவும் இல்லை. முத்திரை இருந்தும் இது நேர்ந்தது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

எனவே உருவாக்கப்பட்ட படம் இரண்டு இடங்களில் மட்டும் வரலாம். முதலாவது, பொய்ப்படமே செய்தியாகும்போது. மல்யுத்த வீராங்கனைகளின் படத்தை அம்பலப்படுத்தும் கட்டுரையில் அதைக் காட்டாமல் எழுத முடியாது. அப்போது “போலிப் படம்” என்ற சொல் முகங்களின் குறுக்கே பெரிதாக இடப்பட வேண்டும். உண்மைப் படம் அருகில் இருக்க வேண்டும். இரண்டாவது, கருத்துக் கட்டுரைக்கான சித்திரம். அது பார்த்தவுடன் சித்திரமாகவே தெரிய வேண்டும். புகைப்படத்தை ஒத்திருக்கக் கூடாது. உயிரோடுள்ள அல்லது மறைந்த மனிதர் எவரும் அதில் இடம்பெறக் கூடாது. உண்மையில் நடந்த நிகழ்ச்சி எதையும் அது காட்சிப்படுத்தக் கூடாது. அங்கும் ஓவியரைக் கேட்ட பிறகே கருவியைத் தேட வேண்டும் என்பது உழைப்பவர்களின் பத்திரிகைக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

முத்திரையின் வாசகத்திலும் கவனம் தேவை. தமிழ் இதழ்களில் “கோப்புப் படம்” என்றால் பழைய புகைப்படம் என்று வாசகருக்குத் தெரியும். “மாதிரிப் படம்” என்றால் சிலர் வேறோர் இடத்தில் எடுத்த உண்மைப் படம் என்றும், சிலர் வரைந்த படம் என்றும் கொள்கிறார்கள். அந்தக் குழப்பத்துக்குள் இன்னொரு வகையைத் திணிக்கக் கூடாது. “செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட சித்திரம், புகைப்படம் அல்ல” என்று முழு வாக்கியமாகவே சொல்லலாம். அது படக்குறிப்பில் மட்டும் இருந்தால் போதாது. பக்கத்திலிருந்து படத்தை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுபவர் படக்குறிப்பை விட்டுவிடுவார். ஆகவே வாசகம் படத்தின் மேலேயே, ஓரத்தை வெட்டினாலும் போகாத இடத்தில் இருக்க வேண்டும்.

மூலப்படம் யாரிடம்?

இவை அனைத்தும் ஒரே ஒரு நடைமுறையை நம்பியுள்ளன: மூலக்கோப்பு அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், கேமரா முதலான உட்தகவல்களும் நீங்கிவிடுகின்றன. ஒரு படம் எங்கே, எதனால் உருவானது என்பதைக் கோப்புக்குள்ளேயே பதிந்து வைக்கும் புதிய தர நிர்ணயங்களும் இதே வழியில் அறுந்துபோகின்றன. அதே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும். மாவட்ட நிருபர்களுக்கு இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது, விலை கொடுத்து வாங்கும் எந்தக் கண்டறியும் மென்பொருளைவிடவும் பயன் தரும். அத்தகைய மென்பொருள்கள் சுருக்கப்பட்ட படங்களில் அடிக்கடி தவறுகின்றன. உண்மையைப் போலி என்றும் போலியை உண்மை என்றும் சொல்லுகின்றன. அவற்றின் விடையை மேலும் விசாரிக்க ஒரு காரணமாகக் கொள்ளலாம்; தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

மூலக்கோப்பு வந்த பிறகு, எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்று தொலைபேசியில் கேட்டுக் குறிக்க வேண்டும். மூலமும் அச்சுக்குப் போன வடிவமும் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். வடிவமைப்பாளர் என்ன மாற்றினார் என்பது ஒரு வரியில் எழுதப்பட்டு, பொறுப்பாசிரியர் பார்த்திருக்க வேண்டும். ஐயம் எழுந்து தீராவிட்டால் படமில்லாமல் செய்தி போகலாம். தவறான படம் வெளியாகிவிட்டால், வந்த அதே பக்கத்தில் திருத்தம் வர வேண்டும். இணையப் பதிப்பில் சத்தமின்றிப் படத்தை மாற்றி வைப்பது இரண்டாவது திரிப்பு.

ஒரு கைக்கடிகாரத்தின் விலை

எதிராளிகள் தயக்கமின்றிப் பொய்ப்படங்களைப் பரப்பும்போது இத்தகைய கட்டுப்பாடுகள் ஒருதலைப்பட்சமான நிராயுதபாணித்தனம் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். உண்மை நடந்திருக்க, அதைச் சற்று அழுத்திக் காட்டுவதில் என்ன பிழை என்பது அந்தக் கேள்வியின் இன்னொரு வடிவம். இதற்கு இடதுசாரி வரலாற்றிலேயே விடை உண்டு.

1945 மே 2 அன்று பெர்லினின் ரீச்ஸ்டாக் கட்டடத்தின் மீது செங்கொடி ஏற்றப்படும் காட்சியை யெவ்கெனி கால்தேய் படம்பிடித்தார். கொடி பிடித்த வீரரைத் தாங்கி நின்ற மற்றொருவரின் இரண்டு மணிக்கட்டுகளிலும் கைக்கடிகாரம் போன்ற ஒன்று தெரிந்தது. கொள்ளையடித்ததாகத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக, அவற்றில் ஒன்று நெகட்டிவிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டது. பின்னணியில் புகையும் கூட்டப்பட்டது. மே 13 அன்று ‘அகன்யோக்’ இதழில் படம் வெளியானது. அந்த இரண்டாவது பொருள் கடிகாரமே அல்ல, திசைகாட்டி என்று வாதிடுவோரும் உண்டு. சுரண்டியதால் அந்த வாதம் என்றென்றைக்கும் ஐயத்துக்குரியதாகிவிட்டது. பாசிசத்தை அதன் தலைநகரில் வீழ்த்திய மாபெரும் உண்மைக்கு அந்தச் சுரண்டல் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் அந்த வெற்றியைச் சிறுமைப்படுத்த விரும்புவோருக்கு இன்றுவரை அது பயன்படுகிறது.

ஆளும் வர்க்கத்தின் பொய்ப்படம் அம்பலமானால் அதற்கு ஆயிரம் படங்கள் மிச்சமுண்டு. தொலைக்காட்சிகள் உண்டு, விளம்பரப் பணம் உண்டு. உழைக்கும் மக்களின் பத்திரிகையில் ஒரு பேரணிப் படத்தில் இல்லாத பத்துப் பேர் சேர்க்கப்பட்டது அம்பலமானால், அதன்பின் அது வெளியிடும் தடியடியின் படமும், குண்டடிபட்ட தொழிலாளியின் படமும் “இதுவும் கணினியில் செய்ததுதானே” என்ற ஒற்றை வாக்கியத்தால் தள்ளப்படும். அந்த வாக்கியத்துக்கு எதிராக மூலக்கோப்பை எடுத்துக் காட்ட முடிய வேண்டும். வீராங்கனைகளின் இறுகிய முகங்களை மீட்டுக் கொடுத்தது அத்தகைய ஒரு மூலப்படம்தான்.